இருநூறு லிட்டர் தொட்டியில் நூற்று ஐம்பத்தெட்டு லிட்டர்: மீன்தொட்டி அளவு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னை அம்பத்தூரில் வசிக்கும் நண்பர் ஒருவர் மூன்று ஒராண்டா தங்கமீன்களுக்காக 200 லிட்டர் தொட்டி ஒன்றைச் செய்வித்தார். மீன் ஒன்றுக்கு அறுபது, எழுபது லிட்டர் நீராவது வேண்டும் என்று கணக்கிட்டே அவர் அந்த எண்ணுக்கு வந்திருந்தார். தச்சர் முன்கூட்டியே செய்து முடித்திருந்த ஸ்டாண்டின் மேற்பலகை 100 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் கொண்டது. அந்த அளவைச் சொன்னதும் தொட்டி ஒட்டுபவர் கைப்பேசியில் பெருக்கிக் காட்டினார்: "உயரமும் நாப்பத்தஞ்சே வச்சுக்கலாம் சார். நூறு, நாப்பத்தஞ்சு, நாப்பத்தஞ்சு. எரநூறு லிட்டரைத் தாண்டுது பாருங்க." பெருக்கலில் பிழை எதுவும் இல்லை. 100 × 45 × 45 என்பது 2,02,500 கன செ.மீ.; ஆயிரம் கன செ.மீ. ஒரு லிட்டர் என்பதால் 202.5 லிட்டர்.

தொட்டி வந்தது, குழாய் மூலம் நீர் நிரப்பப்பட்டது, இரண்டு மாதம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதி நீரை மாற்ற நினைத்தவர், எடுக்கும் நீரை மாடித் தோட்டத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 20 லிட்டர் குடிநீர்க் கேன்களில் பிடித்தார். இருநூறில் பாதி நூறு, நூறுக்கு ஐந்து கேன் என்பது அவர் கணக்கு. ஐந்தாவது கேன் நிரம்பியபோது தொட்டியில் நீர் பாதிக்கும் கீழே நின்றது. மீன்கள் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தன. ஸ்கேலை வைத்துப் பார்த்தபோது அடிக் கண்ணாடியிலிருந்து நீர்மட்டம் வரை 17 செ.மீ. கூட இல்லை. அன்று மாலை அவர் என்னை அழைத்துக் கேட்டது ஒரே கேள்விதான்: பாதி நீரை எடுத்தால் பாதி நீர் மீந்திருக்க வேண்டாமா?

அவர் முதல் நீர்நிரப்பலின்போதே கேன் கணக்கு வைத்திருந்தால் இது அன்றே தெரிந்திருக்கும். நான் போய்ப் பார்த்தபோது, மீந்திருந்த நீரையும் வெளியேற்றிவிட்டு, பழைய கோடு வரை மீண்டும் நீர் நிரப்பியவாறே அளந்தோம். எட்டாவது கேனில் ஒன்றரை, இரண்டு லிட்டர் மீந்தது என்று சொல்லும்படி கணக்கு நின்றது. இருநூறு லிட்டர் என்று பேசி வாங்கிய தொட்டியில் உண்மையில் இருந்த நீர் ஏறத்தாழ 158 லிட்டர். மருந்து, உப்பு ஆகியவற்றின் அளவுகள் லிட்டருக்கு இத்தனை என்றே சொல்லப்படுவதால் இந்த வேறுபாடு வெறும் எண் விளையாட்டு அன்று. லிட்டருக்கு 3 கிராம் உப்பு என்று நினைத்து அவர் 600 கிராம் போட்டிருந்தால், நீரில் லிட்டருக்கு 3.8 கிராம் கரைந்திருக்கும்.

நாற்பத்து நான்கு லிட்டர் எங்கே போயிற்று

தொட்டியை அளந்ததில் வெளியளவு சொன்னபடியே இருந்தது. கண்ணாடி 8 மி.மீ. அடிக் கண்ணாடியைக் கீழே படுக்க வைத்து, அதன் மேல் நான்கு சுவர்களையும் நிறுத்தி ஒட்டியிருந்தார்கள். எனவே 45 செ.மீ. உயரத்தில் அடிக் கண்ணாடியின் தடிமனும் அடக்கம்.

நீர் நிற்பது கண்ணாடிக்கு உள்ளே என்பதால் உள்ளளவைத்தான் பெருக்க வேண்டும். நீளத்தின் இரு முனைகளிலும் கண்ணாடி இருக்கிறது. ஆகவே நீளத்தில் இரண்டு தடிமன் கழியும். அகலத்திலும் அப்படியே. உயரத்தில் மட்டும் மேலே மூடி ஒட்டப்படுவதில்லை என்பதால் அடிக் கண்ணாடியின் ஒரு தடிமனே கழியும். எல்லாப் பக்கமும் ஒரே ஒரு தடிமனைக் கழிப்பவர்களையும், உயரத்திலும் இரண்டைக் கழிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், இரண்டும் பிழை. நண்பரின் தொட்டிக்குச் சரியான கணக்கு இது:

```
நீளம்  : 100 − 1.6 = 98.4 செ.மீ.
அகலம் :  45 − 1.6 = 43.4 செ.மீ.
உயரம் :  45 − 0.8 = 44.2 செ.மீ.
98.4 × 43.4 × 44.2 ÷ 1000 = 188.8 லிட்டர்
```

ஆக, கண்ணாடி மட்டும் தின்றது 13.7 லிட்டர், அதாவது சொன்ன கொள்ளளவில் ஏழு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. இதை மனக்கணக்காகவே ஓரளவு கணித்துவிடலாம். இரட்டைத் தடிமனை நீளத்தாலும், மீண்டும் அகலத்தாலும் வகுத்து, ஒற்றைத் தடிமனை உயரத்தால் வகுத்து, மூன்றையும் கூட்டினால் இழப்பின் பங்கு கிடைக்கும். இந்தத் தொட்டியில் நீளம் தந்தது 1.6 விழுக்காடு, அகலம் 3.6, உயரம் 1.8. இழப்பில் பாதிக்கு மேல் அகலத்திலிருந்தே வருகிறது. குறுகிய தொட்டி ஒன்றை நீளமாகச் செய்து 'கொள்ளளவு அதேதான்' என்று ஆறுதல் கொள்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். எந்தப் பக்கம் சிறியதோ அந்தப் பக்கத்தில்தான் கண்ணாடியின் கை நீள்கிறது. தொட்டி முழுவதுமே சிறியதானால் பங்கு இன்னும் பெருகும். கடைகளில் கிடைக்கும் ஓரடிக் கனச்சதுரத் தொட்டியின் வெளியளவு 28.3 லிட்டர், 6 மி.மீ. கண்ணாடியில் அதன் உள்ளளவு 25.6 லிட்டர்தான். பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கண்ணாடிக்கே போய்விடுகிறது.

ஆயினும் நண்பரின் 44 லிட்டர் இழப்பில் கண்ணாடியின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. பழியை முழுவதும் கண்ணாடியின் மீது போட்டால் அடுத்த தொட்டியிலும் தவறு நேரும் என்பதால் மற்ற இரண்டையும் பார்க்க வேண்டும். முதலாவது, விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே விடும் இடைவெளி. எந்தத் தொட்டியையும் விளிம்பு வரை நிரப்ப முடியாது. காற்றுக்குமிழ்கள் தெறிக்கும், மீன் துள்ளும், மூடியின் அடியில் நீர் படியும். நண்பர் 4 செ.மீ. விட்டிருந்தார். இந்தத் தொட்டியின் உட்புறத் தரைப்பரப்பு 4,270 சதுர செ.மீ.; ஆகவே உயரத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் 4.27 லிட்டர். நான்கு செ.மீ. என்பது 17 லிட்டர். கண்ணாடி தின்றதைவிட இது அதிகம்.

இரண்டாவது சரளை. அவர் சராசரியாக 4 செ.மீ. உயரத்துக்குச் சரளை பரப்பியிருந்தார். சரளை இருக்கும் 17 லிட்டர் இடமும் வீணாவதில்லை, கற்களுக்கு இடையே நீர் நிற்கும். எவ்வளவு நிற்கும் என்பதை அவர் வீட்டுச் சமையலறையிலேயே பார்த்தோம். ஒரு லிட்டர் அளவுக் குவளையில் அதே சரளையைத் தலைதட்டி நிரப்பி, இன்னொரு குவளையில் அளந்து வைத்த நீரை மெல்ல ஊற்றினோம். 400 மி.லி. ஊற்றியதும் நீர் விளிம்பைத் தொட்டது. எனவே கல் மட்டும் அடைத்துக்கொண்டது லிட்டருக்கு 600 மி.லி.; பதினேழு லிட்டர் சரளைக்கு ஏறத்தாழ 10 லிட்டர். தொட்டிக்குள் வைத்திருந்த இரண்டு பாறைத் துண்டுகளை வாளியில் மூழ்கடித்து, வழிந்த நீரை அளந்ததில் 3 லிட்டர் வந்தது. 202.5 லிட்டரிலிருந்து கண்ணாடிக்கு 13.7, இடைவெளிக்கு 17.1, கல்லுக்கு 13.2 என்று கழித்தால் 158.5 லிட்டர் வருகிறது. கேன் கணக்கும் இதுவும் ஒத்துப்போனதில் நண்பருக்கு ஒரு நிம்மதி. தொட்டி எங்கும் ஒழுகவில்லை.

உள்ளிருந்து வெளியே கணக்கிடுதல்

அவர் இன்னொரு தொட்டி செய்யத் தீர்மானித்தார். ஸ்டாண்டை மாற்றுவதற்கில்லை; அது இரண்டு தூண்களுக்கு நடுவே 106 செ.மீ. இடைவெளியில் நிற்கிறது, பக்கவாட்டில் குழாய் செல்லவும் கை நுழையவும் மீந்திருப்பதே மூன்று மூன்று செ.மீ. எனவே வெளி நீளம் 100, வெளி அகலம் 45 என்பவை மாறாதவை. உயரம் மட்டுமே நம் கையில் இருந்தது. முதல் முறை வெளியளவில் தொடங்கி உள்ளே வந்தார்கள். இம்முறை மீன் நீந்தும் நீரில் தொடங்கி வெளியே வந்தோம்.

வேண்டிய நீர் 200 லிட்டர். அதே சரளையும் அதே பாறைகளும் போகின்றன. அவை அடைக்கும் 13 லிட்டரைச் சேர்த்தால், நீர்க்கோட்டுக்குக் கீழே தொட்டி கொள்ள வேண்டியது 213 லிட்டர். இதைத் தரைப்பரப்பால் வகுத்தால் நீரின் உயரம் வந்துவிடும். ஆனால் தரைப்பரப்பு கண்ணாடியின் தடிமனைப் பொறுத்தது. தடிமன் நீரின் உயரத்தைப் பொறுத்தது. நீரின் உயரமோ தரைப்பரப்பைப் பொறுத்தது. இந்தச் சுழலை அவிழ்க்கச் சமன்பாடு எதுவும் வேண்டியதில்லை. கடையில் கிடைக்கும் தடிமன்கள் 6, 8, 10, 12 மி.மீ. என்று சிலவே என்பதால், ஒன்றை ஊகித்துக் கணக்கிட்டு, வந்த உயரத்துக்கு அந்தத் தடிமன் தாங்குமா என்று இறுதியில் சரிபார்த்தால் போதும். 10 மி.மீ. என்று ஊகித்தோம்.

உள் நீளம் 98, உள் அகலம் 43. தரைப்பரப்பு 4,214 சதுர செ.மீ.; ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 4.214 லிட்டர். 213-ஐ 4.214-ஆல் வகுத்தால் 50.5 செ.மீ. இதன் மேல் 4 செ.மீ. இடைவெளி விட்டால் சுவரின் உட்புற உயரம் 54.5. வெட்டுவதற்கு வசதியாகச் சுவரை 55 செ.மீ. என்று முழுமையாக்கினோம். அடிக் கண்ணாடி 1 செ.மீ., இடையே சிலிகான் 1 மி.மீ.; வெளி உயரம் 56.1 செ.மீ. இப்போது இந்தத் தொட்டியின் வெளியளவைப் பெருக்கினால் 252 லிட்டர் வருகிறது. அதாவது 200 லிட்டர் நீர் வேண்டுமானால் கடைக்காரரின் பெருக்கலில் 250 லிட்டர் தொட்டியைக் கேட்டிருக்க வேண்டும். தொட்டிக்குத் தொட்டி இந்த விகிதம் மாறும் என்றாலும், சரளை போட்ட நடுத்தரத் தொட்டிகளுக்கு 'ஐந்தில் ஒரு பங்கு போகும்' என்ற கணிப்பை நான் முதல் பேச்சில் தயங்காமல் சொல்வேன்.

பத்து மில்லிமீட்டர் தாங்குமா

கண்ணாடியின் தடிமனைத் தீர்மானிப்பது லிட்டர் என்று பலரும் எண்ணுகிறார்கள். லிட்டருக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. நீரின் ஆழமே முதற்காரணி, அதற்கு அடுத்தது பலகையின் நீளம். 50 செ.மீ. ஆழத்தில் நீரின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு அரை டன். மேலே சுழியாகவும் அடியில் அரை டன்னாகவும் அது கூடிக்கொண்டே போவதால், ஒரு மீட்டர் நீளமுள்ள முன் கண்ணாடியின் மீது மொத்தம் 125 கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை நிற்கிறது. தொட்டியின் அகலத்தை இரட்டிப்பாக்கி லிட்டரை இரட்டிப்பாக்கினாலும் முன் கண்ணாடி அதை உணராது. ஆழத்தை இரட்டிப்பாக்கினாலோ, நீளமும் அதே விகிதத்தில் கூடும்போது, தடிமன் ஏறத்தாழ 2.8 மடங்கு வேண்டும்.

தொட்டி செய்பவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் சூத்திரம் இது. t, H இரண்டும் மில்லிமீட்டரில். t என்பது கண்ணாடியின் தடிமன், H என்பது நீரின் ஆழம்.

```
t = √( β × H³ × 0.00001 ÷ 5.05 )
```

5.05 என்பது, டெம்பர் செய்யாத சாதாரணக் கண்ணாடியின் வளைவு வலிமையாகக் கொள்ளப்படும் 19.2 என்ற எண்ணை 3.8 மடங்கு பாதுகாப்புக்காக வகுத்துப் பெற்றது. β என்பது நீளத்துக்கும் ஆழத்துக்கும் உள்ள விகிதத்தால் வரும் எண். மேல் விளிம்பு கட்டற்று இருக்கும் பலகைக்கு, விகிதம் 1 ஆனால் 0.16, 1.5 ஆனால் 0.26, 2 ஆனால் 0.32, 3 ஆனால் 0.37. நம் தொட்டியில் சுவரை 55 ஆக்கியதால் 4 செ.மீ. கீழே நீர்க்கோடு 51.1 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. விகிதம் 1.92, β ஏறத்தாழ 0.31, விடை 9.05 மி.மீ. ஆகவே பத்து போதும். நீர் தவறுதலாக விளிம்பு வரை ஏறினாலும் விடை 9.9-ஐத் தாண்டவில்லை.

இந்த இடத்தில் எட்டு போதாதா என்ற பேச்சு எழுந்தது. விலையில் வேறுபாடு உண்டு அல்லவா? 8 மி.மீ. போட்டால் தொட்டி உடனே உடைந்துவிடும் என்று யாரும் சொல்ல முடியாது, 3.8 மடங்குப் பாதுகாப்பு 3 மடங்காகக் குறையும், அவ்வளவுதான். ஆனால் அந்த மிச்சம் சும்மா வைக்கப்பட்டதன்று. கண்ணாடியின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத வெட்டுச் சில்லு, ஸ்டாண்டின் மேற்பலகையில் ஒரு மி.மீ. மேடுபள்ளம், குழந்தை வந்து மோதுவது ஆகிய எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். பத்து என்று விற்கப்படும் கண்ணாடியே காலிப்பரில் 9.7, 9.8 என்று காட்டுவது வழக்கம். அதுவும் அந்தக் கணக்கிலிருந்துதான் கழிகிறது. எட்டுக்கும் பத்துக்கும் இடையே உள்ளளவில் போவது சில லிட்டர். அதை உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் கூட்டி மீட்டுவிடலாம். முதல் தொட்டிக்கு ஒட்டுபவர் 8 மி.மீ. போட்டது சரியே, அதன் 40 செ.மீ. ஆழத்துக்கு இதே சூத்திரம் 6.7 என்கிறது. அவர் கைவேலையில் குறை இல்லை, சொன்ன லிட்டரில்தான் குறை.

இடம் மட்டும் இருந்திருந்தால்

தூண்கள் இல்லாதிருந்தால் நான் இந்த வடிவத்தைப் பரிந்துரைத்திருக்க மாட்டேன். அதே 200 லிட்டர் நீருக்கு மூன்று வடிவங்களைப் போட்டுப் பார்த்தது நினைவிருக்கிறது. 120 செ.மீ. நீளம், 45 அகலம் என்றால் வெளி உயரம் 47 போதும். ஆழம் குறைவதால் 8 மி.மீ. கண்ணாடியே தாங்கும்; காலித் தொட்டியின் கண்ணாடி எடை ஏறத்தாழ 41 கிலோ. நாம் செய்தது ஐம்பது கிலோ. நீளத்தை 80 செ.மீ. ஆகக் குறைத்தால் உயரம் 69 வரை போக வேண்டும்; சூத்திரம் பத்தைத் தாண்டுவதால் 12 மி.மீ. போட வேண்டும், எடை அறுபது கிலோ. மூன்றுக்கும் தேவைப்படும் கண்ணாடிப் பரப்பு ஏறக்குறைய ஒன்றே, இரண்டு சதுர மீட்டர். விலையையும் எடையையும் கூட்டுவது தடிமன்தான்.

எடையைவிட முக்கியமானது நீரின் மேற்பரப்பு. மீனுக்கு வேண்டிய ஆக்சிஜன் பெரும்பாலும் மேற்பரப்பு வழியாகவே நீரில் கரைகிறது. நீள வடிவில் மேற்பரப்பு 5,140 சதுர செ.மீ., உயர வடிவில் 3,310. லிட்டர் ஒன்றே என்றாலும் சென்னைக் கோடையில் நீர் முப்பது டிகிரியைத் தாண்டும்போது, ஆக்சிஜனை அதிகம் செலவிடும் தங்கமீனுக்கு இரண்டும் ஒன்றல்ல. நாம் செய்தது இரண்டுக்கும் நடுவில், 4,210. அதற்காக ஒரு காற்றுக்கல்லைக் கூடுதலாகப் போடச் சொன்னேன். இன்னொன்றும் உண்டு: 56 செ.மீ. தொட்டியின் அடியைத் தொடும்போது சராசரி ஆளுக்கு நீர் முழங்கைக்கு மேல் ஏறிவிடும். 69 என்றால் தோள் வரை நனைய வேண்டும். பிறகு சரளையைக் கிளறிச் சுத்தம் செய்வது மாதத்துக்கு ஒரு முறையாகி, இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாகி, நின்றுபோகும்.

வெட்டும் அளவு

உள்ளளவு சரியாக வந்த பின்னும் கண்ணாடிக் கடையில் சொல்லும் அளவில் பிழை நுழைய இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, எந்தப் பலகை எதன் நடுவே வருகிறது என்பது. முன், பின் சுவர்கள் முழு நீளமாக 100 செ.மீ. நிற்க, பக்கச் சுவர்கள் இரண்டும் அவற்றுக்கு இடையே அடங்கும் முறையைத் தேர்ந்தோம். பக்கச் சுவரின் அகலம் 45-இலிருந்து இரண்டு தடிமனைக் கழித்து 43 என்று தோன்றும். அப்படியே வெட்டினால் தொட்டி 45.2 செ.மீ. அகலமாகிவிடும், ஏனெனில் ஒவ்வொரு மூட்டிலும் சிலிகானுக்கு ஒரு மி.மீ. வேண்டும். சிலிகானை முழுவதும் பிதுக்கி வெளியேற்றிக் கண்ணாடியோடு கண்ணாடி இடிக்கும்படி ஒட்டினால் அளவு பொருந்தும், மூட்டு பலமிழக்கும். எனவே பக்கச் சுவர்களை 42.8 என்று வெட்டச் சொன்னோம். அடிக் கண்ணாடி 100 × 45, முன் பின் சுவர்கள் 100 × 55, பக்கச் சுவர்கள் 42.8 × 55, எல்லாம் 10 மி.மீ.; மேல் விளிம்பு வெளியே வளையாதிருக்க முன் பின் சுவர்களின் உட்புறத்தில் 97.8 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டைகள். பட்டைகள் நீர்க்கோட்டுக்கு மேலே நிற்பதால் லிட்டர் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை.

அடிக் கண்ணாடியைச் சுவர்களுக்குள்ளே அடக்கி ஒட்டுபவர்களும் உண்டு. அப்போது சுவரின் உயரம் 56.1 என்றும், அடிக் கண்ணாடி 97.8 × 42.8 என்றும் மாறும், உள்ளளவு மாறாது. ஒரு முறைக்கான அளவை எழுதி, மற்ற முறையில் ஒட்டும்போதுதான் எல்லாம் குழம்பும். வெட்டும் சீட்டோடு, கோடுகளால் ஆன ஒரு படமாவது வரைந்து கொடுத்துவிடுவது நல்லது.

இரண்டாவது வாசல் இன்ச். சென்னையில் தொட்டிப் பேச்சு பெரும்பாலும் அடியிலும் இன்சிலும்தான் நடக்கும். கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் நின்று செ.மீ. சொன்னால் கேட்பவர் அதை மனத்துக்குள் இன்சாக மாற்றிக்கொள்வார். 45 செ.மீ. அவருக்குப் 18 இன்ச். ஆனால் 18 இன்ச் என்பது 45.72 செ.மீ.; தொட்டி ஸ்டாண்டுக்கு வெளியே 7 மி.மீ. நீண்டு நிற்கும். அடிக் கண்ணாடியின் மேல் சுவர் நிற்கும் தொட்டியில் பாரம் இறங்குவது அந்த விளிம்பு வழியாகத்தான், 10 மி.மீ. சுவரில் 7 மி.மீ. காற்றில் நிற்பது ஏற்கத்தக்கதல்ல. சீட்டில் எல்லா அளவையும் மில்லிமீட்டரில், 428 × 550 என்பது போல் எழுதிக் கொடுத்தோம். வெட்டி வந்த பலகைகளை டேப்பால் அளந்ததில் ஒரு பக்கச் சுவர் மட்டும் 430 இருந்தது. திருப்பி அனுப்பி இரண்டு மி.மீ. தேய்த்து வாங்கினோம். ஒரு பக்கம் 428, மறுபக்கம் 430 என்று ஒட்டியிருந்தால் தொட்டி சரிவகமாகி, முன் கண்ணாடி ஸ்டாண்டின் விளிம்போடு இணையாக நின்றிருக்காது.

நீர் ஊற்றிப் பார்த்தல்

ஒட்டி ஒரு வாரம் கழித்து, சிலிகானின் காடி வாசனை முழுவதும் அடங்கிய பின், மொட்டைமாடியில் சமதளமான இடத்தில் தெர்மகோல் பலகையின் மேல் வைத்து முதல் சோதனை நடந்தது. சரளை இல்லாத வெறும் தொட்டி நீர்க்கோடு வரை 215 லிட்டர் கொள்ள வேண்டும்; பத்தே முக்கால் கேன். பத்து கேன்கள் ஊற்றி முடித்தபோது கோட்டுக்கு மூன்றரை செ.மீ. குறைந்தது, முக்கால் கேன் சேர்ந்ததும் கோட்டைத் தொட்டது. முன் கண்ணாடியின் மேல் விளிம்பில் நேரான அலுமினியச் சட்டத்தைப் பிடித்துப் பார்த்ததில் நடுவில் அரை மி.மீ. வளைவுகூடத் தெரியவில்லை. இரண்டு நாள் அப்படியே விட்டு, மூட்டுகளைச் சுற்றிப் பரப்பிய செய்தித்தாள் நனைகிறதா என்று பார்த்தோம்.

வீட்டுக்குள் ஸ்டாண்டில் ஏற்றி, சரளையும் பாறையும் இட்ட பிறகு மீண்டும் கேன் கணக்கு. பத்தாவது கேன் தீர்ந்தபோது நீர் கோட்டுக்கு ஐந்து மி.மீ. கீழே நின்றது. ஒரு மி.மீ. என்பது இந்தத் தொட்டியில் 0.42 லிட்டர், ஐந்து மி.மீ. இரண்டு லிட்டர். கணக்குச் சொன்ன 202 லிட்டருக்கு இதைவிட நெருக்கமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேனின் கழுத்து வரை நிரப்பினால் இருபதுக்குச் சற்று மேலே போகும் என்பதும் அதில் அடங்கியிருக்கக்கூடும்.

நண்பர் பின் கண்ணாடியின் மூலையில் ஒரு தையல் டேப்பை ஒட்டி, நீர்க்கோட்டிலிருந்து 23.7 செ.மீ. கீழே சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். நூறு லிட்டர் எடுத்தால் நீர் அங்கே நிற்கும். இப்போது அவர் கேன்களை எண்ணுவதில்லை. பழைய தொட்டி, நோய்ப்பட்ட மீனைத் தனியே வைப்பதற்காகப் பால்கனியில் இருக்கிறது. இப்போது அதில் சரளை இல்லை, பாறை இல்லை; எனவே அதன் பக்கக் கண்ணாடியில் ஒட்டிய காகிதத்தில் இருந்த 158 என்ற எண்ணை அடித்துவிட்டு, கோடு வரை 171 என்று எழுதிவைத்திருக்கிறார்.